இரண்டாவது குழந்தையின் நிறம்

அந்தப் படம் எட்டு நிமிடம்தான். தோட்டங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்ற தாய்மாரைப் பார்க்கிற மிட்வைஃப்களுக்கும், அவர்களுக்குத் துணையாக இருக்கிற சுகாதாரத் தொண்டர் பெண்களுக்கும் பயிற்சியில் காட்டுவதற்காக எடுத்தது. அதில் இரண்டு பச்சிளங்குழந்தைகள் வருகின்றன. முதல் குழந்தைக்கு மஞ்சள் காமாலை. இரண்டாவது குழந்தைக்கு ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒரே ஜன்னல் ஓரத்தில், ஒரே வெள்ளைத் துணியில் கிடத்தி, தாய்மாரின் சம்மதத்தோடு நான்தான் எடுத்தேன்.

எனக்கு ஹட்டனில், ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே, ஒற்றை அறை ஸ்டூடியோ. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்துக் கொடுப்பது தொழில். நுவரெலியாவில் சுகாதாரப் பணிமனையில் பயிற்சிகளுக்குப் பொறுப்பாக இருக்கிற சிஸ்டர், தன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். கல்யாண வீடியோவைத் தவிர வேறு ஒன்றைச் செய்யக் கிடைத்ததே என்று எனக்குப் பெருமை. வியாழக்கிழமை காலையில் பயிற்சி. செவ்வாய்க்கிழமை காலையில் சிஸ்டர் போன் எடுத்தார்.

"தம்பி, இங்க ஹால்ல இருக்கிற பெரிய டிவியில போட்டுப் பாத்தேன். ரெண்டு பிள்ளைக்கும் வித்தியாசமே தெரியலியே. ரெண்டும் ரோஸ் கலர்ல பொம்மை மாதிரி இருக்குதுங்க."

"ஒங்க போன்ல பாத்தப்ப எப்பிடி இருந்துச்சு சிஸ்டர்?"

"போன்ல பரவாயில்லாம இருந்துச்சு. இங்கதான் இப்பிடி."

எனக்கு உடனே விளங்கிவிட்டது போல இருந்தது. படத்தில் பிழை இல்லை, டிவியில்தான் பிழை. கடையில் பளபளவென்று தெரியவேண்டும் என்று வைத்துக் கொடுக்கிற நிற அமைப்பை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். "நான் வாறேன் சிஸ்டர், மெஷின் கொண்டாந்து அளந்து சரி பண்ணித் தாறேன்" என்றேன். அப்படிச் சொன்னபோது என் குரலில் இருந்த தைரியத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அந்த மெஷினின் பெயர் கலரிமீட்டர். உள்ளங்கைக்குள் அடங்கும். கணினி மவுஸ் போல ஒரு வயர், முன்பக்கம் ஒரு சிறிய கண்ணாடி. டிவித் திரையோடு ஒட்டித் தொங்கவிட்டால், திரையிலிருந்து வருகிற வெளிச்சம் எவ்வளவு, அதில் சிவப்பும் பச்சையும் நீலமும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று லெப்டொப்பில் எண்ணாகக் காட்டும். மனிதக் கண் ஏமாறும், ஐந்து நிமிடத்தில் எந்த நிறத்துக்கும் பழகிவிடும். இது பழகாது. கொழும்பில் படங்களுக்கு நிறம் திருத்துகிற ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். இரண்டு ஹோட்டல்களில் டிவி சரிபார்க்கவும் கொண்டுபோயிருக்கிறேன்.

பஸ்ஸில் போகும்போது லெப்டொப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். நுவரெலியாவில் இறங்கியபோது மழை தூறியது. ஹாலில் சிஸ்டர் மட்டும் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய, வேகமாக நடக்கிற, குரலை உயர்த்தாமலே எல்லோரையும் வேலை வாங்குகிற பெண். டிவியைப் போட்டுவிட்டு முக்கால் மணித்தியாலம் காத்திருக்கவேண்டும் என்றதும் முகத்தைச் சுளித்தார்.

"எதுக்கு தம்பி?"

"சூடானாத்தான் டிவி நெலையா நிக்கும் சிஸ்டர். குளிர்ல அளந்தா ஒரு நம்பர், கொஞ்ச நேரங் கழிச்சு இன்னொரு நம்பர் வரும்."

கலரிமீட்டரையும் வெளியே எடுத்து வைத்தேன். குளிரில் வந்ததால் அதன் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. மெல்லிய துணியால் துடைத்து, அறையின் சூட்டுக்கு வரட்டும் என்று விட்டேன். திரைச்சீலைகளை மூடினோம்.

டிவி நான் நினைத்தபடியேதான் இருந்தது. கண்ணைப் பறிக்கிற அமைப்பு. வெள்ளைச் சதுரம் ஒன்றைத் திரையில் போட்டு அளந்தேன். வெள்ளை என்று உலகம் ஒப்புக்கொண்ட ஒரு புள்ளி இருக்கிறது: x 0.3127, y 0.3290. வெப்பநிலையில் சொன்னால் ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின். இந்த டிவி x 0.275-இல் நின்றது. பதினோராயிரத்தையும் தாண்டிய நீல வெள்ளை. அதோடு சிவப்பு, படத்துக்கு உரிய எல்லையைத் தாண்டி டிவியால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூரம் ஓடியிருந்தது. நீலம் மஞ்சளைத் தின்றுவிட்டது, மிஞ்சிய தோலை அந்தச் சிவப்பு ரோஸ் ஆக்கிவிட்டது. காமாலைக் குழந்தை பொம்மை மாதிரித் தெரிந்ததற்குக் காரணம் கையில் கிடைத்தது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட.

வேலையைத் தொடங்கினேன். சினிமா மோடுக்கு மாற்றி, அறை வெளிச்சத்துக்கு ஏற்ப டிவி தானாக மங்குவதையும், கறுப்பை இன்னும் கறுப்பாக்குவதையும், நிறத்தைத் தூக்கிக் காட்டுவதையும் ஒவ்வொன்றாக அணைத்தேன். நிற எல்லையை டிவி ஒளிபரப்புக்கு உரிய 709 என்ற அளவுக்குள் கொண்டுவந்தேன். சிவப்பின் மூலை 0.640, 0.330-க்குக் கிட்ட வந்து உட்கார்ந்தது. பிறகு, வெள்ளையை வெள்ளையாகவே காட்டவைக்கிற வெண்சமநிலை. வெளிச்சமான சாம்பலில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற கெயின் என்ற அமைப்பில் நீலத்தைக் குறைத்தேன், இருண்ட சாம்பலில் அதே வேலையைச் செய்கிற ஒஃப்செட்டைத் திருத்தினேன். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். மாறி மாறி நாலைந்து தரம் போகவேண்டியிருந்தது.

கடைசியாகக் காமா. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கிற சாம்பல்கள் எவ்வளவு வேகமாக வெளிச்சமாகின்றன என்பதுதான் அது. முழு இருட்டறை என்றால் 2.4 வைப்பேன். இந்த ஹாலில் சீலை மூடினாலும் ஓரங்களில் வெளிச்சம் கசிந்தது. நிழல் விழுகிற இடமெல்லாம் அடைத்துப்போகக் கூடாது என்று 2.2-ஐ இலக்காக வைத்தேன். பத்துப் படிகளில் சாம்பலை அளந்தபோது கோடு 2.2-ஐ ஒட்டியே ஓடியது. நிறப்பிழையின் எண் எல்லாப் படியிலும் இரண்டுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத அளவு. இதற்குமேல் யாரும் குறை சொல்ல முடியாது.

"இப்ப போடுங்க சிஸ்டர்" என்றேன்.

படம் ஓடியது. முதல் குழந்தை வந்தது. மஞ்சள், நன்றாகத் தெரிந்தது. சிஸ்டர் தலையாட்டினார். அடுத்தது இரண்டாவது குழந்தை. நான் எழுந்து நின்றுவிட்டேன். அதுவும் மஞ்சள். முதல் குழந்தை அளவுக்கு இல்லை. ஆனால் நெற்றியும் கன்னமும் மூக்கு நுனியும், சுகமாக இருந்த அந்தக் குழந்தையிடம் நான் ஒருபோதும் பார்க்காத ஒரு மஞ்சளில் இருந்தன. படுத்திருந்த வெள்ளைத் துணிகூடப் பழுத்துப் போயிருந்தது.

"இது சொகமான பிள்ளைதானே தம்பி?" என்றார் சிஸ்டர். அவர் குரல் தணிந்திருந்தது.

எண்களைத் திரும்பப் பார்த்தேன். கலரிமீட்டரை மறுபடி தொங்கவிட்டு வெள்ளையை அளந்தேன். 0.313, 0.329. டிவியில் பிழை இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அதை மறைக்காமல் சொல்லவேண்டும். நீலத்தின் கெயினை ஏழெட்டுப் படி ஏற்றிவிட்டால் போதும். இந்தப் படத்தில் இரண்டாவது குழந்தை சரியாகத் தெரியும். முதல் குழந்தையும் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். சிஸ்டருக்கு எண்கள் தெரியாது. வியாழக்கிழமை நல்லபடி முடியும், நான் பணமும் பெயரும் வாங்கிக்கொண்டு போய்விடலாம். ரிமோட் என் கையில்தான் இருந்தது. மெனுவைத் திறந்தும்விட்டேன்.

சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். "இதப் பாத்துட்டுப் போற தொண்டர் பிள்ளைங்க என்ன நெனைக்கும் தெரியுமா? நல்ல பிள்ளையே இப்பிடி மஞ்சளாத்தான் இருக்கும்னு நெனைக்கும். அப்பறம் தோட்டத்து லயத்து வீட்டுல நெசமாவே மஞ்சளா ஒரு பிள்ளையப் பாத்தா, இது சரியாத்தானே இருக்குன்னு விட்டுட்டு வந்துரும்."

நான் மெனுவை மூடினேன். "சிஸ்டர், டிவி இப்ப சரியா இருக்கு. பெழை என்னோட படத்துல. நான் நெறம் திருத்துனதுலதான் தப்பு நடந்திருக்கு. எப்பிடின்னு ஸ்டூடியோவுக்குப் போய்த்தான் பாக்கணும்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "தம்பி, போன வாரமே இத நான் மிட்வைஃப் குரூப்ல போட்டுட்டேன். பாத்து வைங்க, வியாழக்கெழம பேசுவோம்னு."

அங்கேயே குரூப்பில் எழுதினார்: படத்தில் நிறம் பிழை, யாரும் பார்த்துப் பழகவேண்டாம், மற்றவருக்கு அனுப்பவேண்டாம். பிறகு ஒவ்வொருவராக அழைத்தார். ஆறு பேர் பேசினார்கள். ஏழாவது ஆளுக்குப் போன் போகவில்லை. அவர் வட்டவளைப் பக்கம் உள்ளே இருக்கிற தோட்டங்களைப் பார்க்கிறவர். மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல்.

"அவதான் நேத்து சொன்னா, அவ பகுதியில மூணு நாளுக்கு முந்திப் பொறந்த ஒரு பிள்ளையப் பாக்கப் போறேன்னு," என்றார் சிஸ்டர்.

புதன்கிழமை காலை ஸ்டூடியோவைத் திறந்தேன். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினேன். நிறம் திருத்தும்போது நான் பார்க்கிற என் டிவியிலேயே கலரிமீட்டரைத் தொங்கவிட்டேன். இதை ஏன் முன்பே செய்யவில்லை என்று கேட்டால், இரண்டு வருடத்துக்கு முன் செய்திருந்தேன் என்பதுதான் பதில். அன்று 6500-க்கு வைத்து, அந்த எண்களைத் தாளில் எழுதி, என் டிவி சரியானது என்று மனதை மூடிவிட்டேன்.

வெள்ளை 0.283, 0.297 என்று காட்டியது. ஒன்பதாயிரத்து முந்நூறு கெல்வின். என் டிவியும் நீலமாக இருந்தது.

மெனுவைத் திறந்தேன். படமுறை, நிற வெப்பநிலை, கெயின், எல்லாம் கடையிலிருந்து வந்தபடி. நான் திருத்தியது ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் டிவியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. எட்டு மாதத்துக்கு முன் இடி விழுந்து, லெப்டொப் வயர் சொருகுகிற முதலாவது எச்டிஎம்ஐ துளை கருகிப்போனது. வயரைக் கழற்றி இரண்டாவதில் சொருகி, படம் வந்ததும் வேலையைத் தொடர்ந்தேன். இந்த டிவியில் ஒவ்வொரு துளைக்கும் அமைப்பு தனித்தனி. நான் அளந்து திருத்தியதெல்லாம் முதலாவதோடு நின்றுவிட்டது. இரண்டாவதில் கடை அமைப்புதான் இருந்தது. எட்டு மாதமாக நீல வெள்ளையைப் பார்த்து, என் கண் அதையே வெள்ளை என்று பழகி, படமெல்லாம் கொஞ்சம் குளிராக இருக்கிறதே என்று ஒவ்வொன்றிலும் சூட்டை, அதாவது மஞ்சளைக் கூட்டியிருக்கிறேன்.

இன்னும் மோசமான ஒன்று இருந்தது. குழந்தைகளை எடுப்பதற்கு முன் அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து எடுத்திருந்தேன். நடுநிலையான சாம்பல், நிறம் இல்லாதது. திருத்தும்போது, படத்தின் நிறத்தை அளந்து காட்டுகிற ஸ்கோப்பில் அது சரியாக நடுவில்தான் நின்றது. ஆனால் டிவியில் நீலமாகத் தெரிந்ததால், ஜன்னலுக்கு வெளியே மேகம், அதனால் அட்டை நீலமாக விழுந்திருக்கிறது என்று நானே ஒரு கதை கட்டி, ஸ்கோப்பை விட்டு என் கண்ணை நம்பினேன்.

என் மனைவி வீட்டிலிருந்து தேத்தண்ணியோடு மேலே வந்தாள். நான் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

சொன்னேன். அவள் டிவியைப் பார்த்தாள். "அப்ப பொகவந்தலாவ கல்யாண வீட்டுக்காரங்க, கூறச்சேல கலரே வேறயா இருக்குன்னு சொன்னாங்களே, அதுவும்?"

"அதுவும்தான்."

"நீங்க அவங்க டிவி பழசுன்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

"ஆமா."

அவள் தேத்தண்ணியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "அந்த மிட்வைஃப் அம்மா போன் எடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

எங்கள் மகள் பிறந்த மூன்றாம் நாள் அவளும் மஞ்சளானாள். ஒரு மிட்வைஃப் வந்து பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இரண்டு நாள் அந்த நீல விளக்குக்குக் கீழே கண்ணைக் கட்டிப் படுக்கப் போட்டிருந்தார்கள். எங்கள் கண்ணுக்கு அவள் அன்றைக்கு நன்றாகத்தான் தெரிந்தாள், சிவப்பாகப் பிறந்திருக்கிறாள் என்றுகூடச் சொல்லிக்கொண்டோம். இந்தப் படத்தை ஆசையோடு ஒப்புக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது வட்டவளையில் ஒரு லய அறையில் ஒரு மிட்வைஃப் போனில் என் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு குழந்தையைக் குனிந்து பார்க்கிற காட்சி என் தலையை விட்டுப் போகவில்லை. அவர் போனில் நிறம் எப்படி விழுந்ததோ. என் பிழை அதில் கூடியதா, குறைந்ததா, யாருக்குத் தெரியும்?

உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலையில் இறங்கினேன். இரண்டாவது துளைக்கு முதலிலிருந்து எல்லாம் செய்தேன். இருட்டறை என்பதால் காமா 2.4. வெள்ளை 6500. நிற எல்லை 709. அவசரத்தில் கெயினில் ஒரு படி வைக்கவேண்டிய இடத்தில் மூன்று படி போய்த் திரும்ப வந்தேன். அளந்து முடித்துவிட்டுப் படத்தைத் திறந்தபோது என் டிவியிலும் இரண்டாவது குழந்தை மஞ்சளாகப் படுத்திருந்தது. நேற்று ஹாலில் பார்த்த அதே மஞ்சள்.

நான் கூட்டியிருந்த சூடு எல்லாவற்றையும் கழற்றினேன். சாம்பல் அட்டையை ஸ்கோப்பில் நடுவில் நிறுத்தி, அதே திருத்தத்தை மட்டும் இரண்டு குழந்தைகளுக்கும் வைத்தேன். அழகாக்க ஒன்றும் செய்யவில்லை. துணி வெள்ளையானது. இரண்டாவது குழந்தை மாநிறத்துக்கும் சிவப்புக்கும் நடுவில், பிறந்த குழந்தைக்கே உரிய நிறத்துக்கு வந்தது. முதல் குழந்தையின் மஞ்சள் நெற்றியிலிருந்து நெஞ்சு வரை தனியாகத் தெரிந்தது. படத்தின் தொடக்கத்தில் ஒரு வரி எழுதிச் சேர்த்தேன்: நிறம் திரைக்குத் திரை மாறும், குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் நேரில் பாருங்கள்.

மத்தியானம் ஒரு மணிக்குச் சிஸ்டர் அழைத்தார். "தம்பி, அவ கெடைச்சுட்டா. நீயே பேசு, கான்ஃபரன்ஸ்ல போடுறேன்."

மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு பெண் குரல் வந்தது. மேடு ஏறி வந்து பேசுகிறார் என்று தெரிந்தது.

"அக்கா, அந்தப் பிள்ளைய…" என்று தொடங்கினேன்.

"அத நேத்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேங்க. நெஞ்சு வரைக்கும் எறங்கிருந்துச்சு. ரத்தம் எடுத்துப் பாத்து, லைட்ல போட்டிருக்காங்க. பால் குடிக்குதாம், பயமில்லன்னு சொன்னாங்க."

"என் படத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ரெண்டாவது பிள்ளையும் எனக்கு மஞ்சளாத்தான் பட்டுச்சு. படம் எடுத்தவருக்கு வெளங்கலன்னு நெனச்சேன். அதுக்காக போனப் பாத்தா பிள்ளையப் பாப்பேன்? வாசல் வெளிச்சத்துல வச்சு, நெத்தியில வெரல அமுக்கி எடுத்தா தெரிஞ்சிரும்ங்க." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "ஆனா எனக்கு இருவது வருச சர்வீஸ். தொண்டரா புதுசா வந்த பிள்ளைங்களுக்கு அந்தப் படம்தான் மொத பாடம். அவங்களுக்குக் காட்டாதீங்க."

"காட்டல அக்கா. திருத்திட்டேன்."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதேனா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்லவேண்டும்.

வியாழக்கிழமை ஏழரை மணிக்கே ஹாலில் இருந்தேன். டிவியைப் போட்டுச் சூடாக்கினேன். எந்தத் துளையில் வயர் சொருகியிருக்கிறது என்று பார்த்து, அதே துளையில்தான் செவ்வாய்க்கிழமை அளந்தேனா என்று உறுதிப்படுத்தினேன். அப்படியும் மனம் கேட்காமல் வெள்ளையையும் மூன்று சாம்பலையும் இன்னொரு தரம் அளந்தேன். சிஸ்டர் பார்த்துவிட்டு, "போதும் தம்பி, ஆளுங்க வாறாங்க" என்றார்.

நாற்பது பெண்கள் இருப்பார்கள். சீலைகளை மூடிப் படத்தைப் போட்டார்கள். நான் பின்வரிசையில் நின்றேன். இரண்டு குழந்தைகளும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற இடத்தில் சிஸ்டர் படத்தை நிறுத்தினார்.

"எந்தப் பிள்ளைய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்க?"

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மூன்று மாதமாகத்தான் தொண்டராக இருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. திரைக்குக் கிட்டப் போய்க் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பெரிதாக இருந்தது.

"இதுங்க" என்று முதல் குழந்தையைக் காட்டினாள். "நெத்தியும் நெஞ்சும் மஞ்சளா இருக்கு. மத்தது நல்லா இருக்கு."

"அப்ப அந்தப் பிள்ளைய இப்பிடி டிவியில பாத்தே முடிவு பண்ணிருவியா?"

"இல்லீங்க சிஸ்டர். வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு, சந்தேகம்னாகூட அனுப்பிருவேன்."

சிஸ்டர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பயிற்சியைத் தொடர்ந்தார். இரண்டு பேர் போனைத் தூக்கித் திரையைப் படம் எடுத்தார்கள். அந்தப் போன்களில் அந்தக் குழந்தைகள் என்ன நிறத்தில் விழுந்தன என்று எனக்குத் தெரியாது. எழுந்து போய் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் சிஸ்டரே, "போனக் கீழ வைங்க, கண்ணால பாருங்க" என்றார்.

அன்று பின்னேரம் ஹட்டனுக்குத் திரும்பியதும், எட்டு மாதத்தில் கொடுத்த வீடியோக்களின் பட்டியலை எடுத்தேன். பதினேழு குடும்பங்கள். முதலில் பொகவந்தலாவைக்கு அழைத்தேன். கல்யாணப் பெண்ணின் அப்பா எடுத்தார்.

"ஐயா, ஒங்க மகளோட கூறச்சேல என்ன கலரு?" என்று கேட்டேன்.

"அரக்குங்க. ஏன்?"

"நான் உங்களுக்குக் குடுத்தது பெழையான கலரு. திருத்திக் கொண்டுவந்து தாறேன்," என்றேன்.